ஷிப்ட் தொழிலாளிக்கு 'ஒரு நாள்' எப்போது முடிகிறது?

மூன்று ஷிப்ட் ஓடும் ஒரு நூற்பாலை. காலை 6 முதல் 2 வரை பகல் ஷிப்ட், 2 முதல் இரவு 10 வரை அரைநைட், 10 முதல் மறுநாள் காலை 6 வரை முழுநைட். திங்கள் முதல் சனி வரை வேலை, ஞாயிறு விடுமுறை. வாரம் ஒரு ஷிப்டாக ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளில் இது பழகிப்போன ஏற்பாடு.

இந்த ஆலையில் செல்வராஜ் என்று ஒருவர் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த வாரம் அவருக்கு அரைநைட். செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக்கு வருகிறார். இரவு 10 மணிக்கு அவரை மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை. ஓடுகிற இயந்திரத்தை விட்டுவிட்டுப் போக முடியாது என்று சூப்பர்வைசர் கேட்டுக்கொள்கிறார். செல்வராஜ் முழுநைட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் புதன் காலை 6 மணிக்கு வீடு திரும்புகிறார். "இன்று மதியம் வர வேண்டாம், ஓய்வெடுங்கள், உங்கள் ஆறு ஷிப்ட் கணக்கு சரியாக வந்துவிடும்" என்று அனுப்பி வைக்கிறார்கள். வியாழன், வெள்ளி, சனி வழக்கம்போல வேலை. வாரம் முடிந்ததும் டைம் ஆபீஸ் கணக்கு இது: மொத்தம் 48 மணி நேரம், ஆறு நாள் சம்பளம், ஓ.டி. இல்லை.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. 48 மணி நேரம் வேலை, 48 மணி நேரத்துக்குக் கூலி. செல்வராஜும் புதன்கிழமை நன்றாகத் தூங்கியதால் எதையும் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கில் அவருக்கு 700 ரூபாய் குறைந்திருக்கிறது. எப்படி என்று பார்ப்பதற்கு, சட்டத்தின் கண்ணில் ஒரு நாள் என்பது எது என்று முதலில் தெரிய வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரண்டு எல்லைகளை வைத்தது. 54ஆவது பிரிவின்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம். 51ஆவது பிரிவின்படி ஒரு வாரத்துக்கு 48 மணி நேரம். இந்த இரண்டில் எதைத் தாண்டினாலும், தாண்டிய நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றது 59ஆவது பிரிவு. 'எதைத் தாண்டினாலும்' என்பதுதான் இங்கே உயிர்நாடி. வாரக் கணக்கு 48-க்குள் அடங்கிவிட்டது என்பதால் ஒரு நாளில் தாண்டிய நேரம் மறைந்துவிடாது. புதன்கிழமை கொடுத்த ஓய்வு செவ்வாய்க்கிழமைக் கூலியை அடைக்காது.

சரி, செவ்வாய்க்கிழமை அவர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்? நாட்காட்டியைப் பார்க்கிற குமாஸ்தா, மதியம் 2 முதல் நள்ளிரவு 12 வரை 10 மணி நேரம் என்பார். மீதி 6 மணி நேரம் புதன்கிழமைக் கணக்கில் போய்விடும். அப்படி எழுதினால் 9-க்கு மேல் ஒரே ஒரு மணி நேரம்தான் கூடுதல். வருகைப் பதிவு மென்பொருள்கள் தேதி மாறியதும் புதுவரி போடும்படி அமைக்கப்பட்டிருந்தால் இதே தவற்றைத் தானாகவே செய்யும். யாரும் வேண்டுமென்று ஏமாற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆனால் இரவு ஷிப்டுக்கென்றே சட்டத்தில் 57ஆவது பிரிவு இருந்தது. ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டிப் போனால், நள்ளிரவுக்குப் பிறகு உழைத்த மணிகள் முந்தைய நாளில்தான் சேரும். அந்தத் தொழிலாளிக்கு அடுத்த நாள் என்பது அவருடைய ஷிப்ட் முடியும்போதுதான் தொடங்குகிறது. நாட்காட்டித் தாளைக் கிழிக்கும் நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே செல்வராஜின் செவ்வாய்க்கிழமை, புதன் காலை 6 மணிக்குத்தான் முடிந்தது. அந்த ஒரே நாளில் அவர் உழைத்தது 16 மணி நேரம். கூடுதல் நேரம் 7 மணி.

இப்போது பணத்தைப் பார்ப்போம். அவருடைய மாதச் சம்பளம் எல்லாப் படிகளும் சேர்ந்து 20,800 ரூபாய். 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 800, எட்டால் வகுத்தால் மணிக்கு 100. அந்த வாரத்தில் சாதாரண நேரம் என்று கொள்ள வேண்டியது திங்கள் 8, செவ்வாய் 9, வியாழன் முதல் சனி வரை 24. ஆக 41 மணி நேரம். அதற்கு 4,100 ரூபாய். கூடுதல் 7 மணி நேரத்துக்கு மணிக்கு 200 வீதம் 1,400. மொத்தம் 5,500. அவர் வாங்கியது 4,800. அந்த 700 ரூபாய் இடைவெளி இப்படி வந்தது. புதன்கிழமை வருவதற்கு அவர் தயாராக இருந்தும் நிர்வாகமே வேண்டாம் என்றதே, அந்த நாளின் கூலி என்னாகும் என்பது தனி வழக்கு. அதை இதில் சேர்க்கவில்லை.

இன்னொன்று. 'ஓ.டி.க்குப் பதிலாக காம்ப் ஆஃப்' என்பதைச் சட்டம் சொன்ன ஏற்பாடு என்றே பலரும் நினைக்கிறார்கள். சட்டத்தில் ஈடு விடுமுறை உண்டுதான். ஆனால் அது வார விடுமுறையன்று வேலைக்குக் கூப்பிட்டதற்கு ஈடாகத் தர வேண்டியது. இரட்டிப்புக் கூலியை விடுமுறையாக மாற்றிக் கொடுக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை.

இதுவரை பழைய சட்டத்தைச் சொன்னேன். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்பு. பழைய சட்டத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு: நள்ளிரவு விதி ஏறக்குறைய அதே சொற்களோடு புதிய தொகுப்பின் 28ஆவது பிரிவில் இருக்கிறது. நாள் கணக்கா, வாரக் கணக்கா என்ற கேள்விக்குப் புதிய தொகுப்பு இன்னும் தெளிவாகவே பதில் சொல்கிறது: தொழிலாளிக்கு எது சாதகமோ அது. கூடுதல் நேரம் பார்க்கத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். நாள் வரம்பு 9-லிருந்து 8 மணி நேரமாகக் குறைந்திருக்கிறது. ஒரு நாளில் எத்தனை மணிக்கு மேல் ஓ.டி. என்பதை அரசு விதிகள் சொல்ல வேண்டும். அது 8 என்றானால் செல்வராஜின் கூடுதல் நேரம் 7 அல்ல, 8.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவதற்கு முன் கூலியின் வரையறையையும் படிக்க வேண்டும். பழைய சட்டத்தில் ஓ.டி.க்கு அடிப்படையான கூலி என்பது அடிப்படைச் சம்பளமும் தொழிலாளிக்கு உரிய படிகளும் சேர்ந்தது; போனஸும் ஓ.டி. கூலியும் மட்டும் விலக்கு. புதிய தொகுப்பு வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி முதலிய சிலவற்றைக் கூலிக்கு வெளியே வைக்கிறது. செல்வராஜின் 20,800-ல் அடிப்படையும் பஞ்சப்படியும் 13,000, மீதி 7,800 வீட்டு வாடகைக்கும் போக்குவரத்துக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13,000-க்கு மணிக் கூலி 62 ரூபாய் 50 காசு, இரட்டித்தால் 125. ஆனால் சாதாரண நேரத்தில் அவர் ஒரு மணிக்குக் கையில் வாங்குவதே 100 ரூபாய். பெயர் இரட்டிப்பு, கைக்கு வருவது ஒன்றேகால். விலக்கப்பட்ட படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி கூலியில் திரும்பச் சேர்க்கப்படும் என்ற ஒரு காப்பு இருக்கிறது. அதனால் கூலி என்பது மொத்தத்தில் பாதிக்குக் கீழே போகாது. சம்பளச் சீட்டில் எந்தப் படி எந்தப் பெயரில் வருகிறது என்பதை இதுவரை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. இனிமேல் ஓ.டி. தொகையே அதைப் பொறுத்துத்தான்.

நாள் கணக்கில் நடப்பது வார விடுமுறையிலும் நடக்கிறது, இன்னும் சத்தமில்லாமல். முழுநைட் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது இரவு சனிக்கிழமை 10 மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை 6 மணிக்கு முடிகிறது. ஞாயிறு விடுமுறை என்று பலகையில் இருக்கிறது. ஞாயிறு இரவு 10 மணிக்கே மறுபடி கூப்பிட்டால்? 'ஞாயிறு பகல் முழுவதும் வீட்டில்தானே இருந்தாய்' என்று சொல்லப்படும். இரவு ஷிப்ட் ஆளுக்கு விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்த நொடியிலிருந்து தொடர்ச்சியான 24 மணி நேரம். ஞாயிறு காலை 6 முதல் திங்கள் காலை 6 வரை அவரைத் தொடக் கூடாது. ஞாயிறு இரவுக்குக் கூப்பிட்டால் அவருக்கு அந்த வாரம் விடுமுறையே தரப்படவில்லை என்றுதான் பொருள்.

திங்கள் காலை 6 மணிக்குக் கூப்பிடலாமா? சட்டப்படி கூப்பிடலாம். இங்கேதான் ஷிப்ட் சுழலும் திசை வந்து சேர்கிறது.

பகல், அரைநைட், முழுநைட் என்று முன்னோக்கிச் சுழற்றுவதுதான் உடம்புக்கு ஏற்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. ஆகவே தூக்கத்தைத் தள்ளிப்போடுவது அதற்கு எளிது, முன்னால் இழுப்பது கடினம். ஆனால் ஞாயிறு மட்டும் விடுமுறையாக இருக்கும் ஆலையில் முன்னோக்கிச் சுழற்றினால் என்ன ஆகிறது என்று மணி எண்ணிப் பாருங்கள். பகல் வாரம் சனி 2 மணிக்கு முடிந்து திங்கள் 2 மணிக்கு அரைநைட்: இடையில் 48 மணி நேரம். அரைநைட் சனி இரவு 10-க்கு முடிந்து திங்கள் இரவு 10-க்கு முழுநைட்: இதுவும் 48. முழுநைட் முடிந்து பகலுக்குத் திரும்பும்போது மட்டும் வெறும் 24. ஆறு இரவு கண்விழித்த ஆளுக்குத்தான் மிகக் குறைந்த ஓய்வு. அந்த 24 மணி நேரத்தில் ஞாயிறு பகல் தூக்கத்தில் போய்விடும். இரவு தூக்கம் வராது. திங்கள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டும்.

எதிர்த்திசையில் சுழற்றினால் பகலிலிருந்து முழுநைட்டுக்கு 56 மணி நேரம், முழுநைட்டிலிருந்து அரைநைட்டுக்கு 32, அரைநைட்டிலிருந்து பகலுக்கு 32. மிகக் குறைந்த ஓய்வு 24-லிருந்து 32 ஆகிறது. சில ஆலைகளில் பழைய தொழிலாளர்கள் எதிர்த்திசைச் சுழற்சியை விட மறுப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களுக்கு உடலியல் தெரியாது என்று சொல்லிவிடுவது எளிது. மணி நேரத்தை எண்ணிப் பார்த்தால் அவர்கள் பக்கம் கணக்கு இருக்கிறது. நல்ல வழி என்னவோ முன்னோக்கியே சுழற்றி, முழுநைட் முடித்தவருக்குத் திங்களையும் விட்டுவிட்டுச் செவ்வாய் காலைக்கு வரச் சொல்வதுதான். அப்படிச் செய்தால் திங்கள் பகல் ஷிப்டில் அந்த இடத்தில் நிற்க வேறொரு ஆள் வேண்டும். எந்தப் பிரச்சினையைத் தொட்டாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்போம்.

ஒரு வேலையிடத்துக்கு எத்தனை ஆள் வேண்டும்? வாரத்தில் ஆறு நாள், 24 மணி நேரமும் ஓடினால் 144 மணி நேரம். மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 48. சட்ட எல்லையில் கச்சிதமாக வந்து நிற்கிறது. நிர்வாகம் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணமும் இதுதான். ஆனால் இந்த மூவரில் எவரும் ஒருநாளும் விடுப்பு எடுக்கக் கூடாது, காய்ச்சலில் படுக்கக் கூடாது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சட்டப்படி உண்டு. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 15 நாள். மூன்று பேருக்கும் சேர்த்து 45 ஷிப்ட் அந்த இடம் காலியாக நிற்கும். இப்படி 20 வேலையிடங்கள் உள்ள ஒரு பகுதியில் ஆண்டுக்கு 900 ஷிப்ட். அது மூன்று முழுநேர ஆட்களின் வேலை. நோய், திருமணம், சாவு எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

அந்த மூன்று ரிலீவர்களை வைக்காத ஆலையில், 'திடீரென்று ஆள் வரவில்லை' என்பது திடீர் நிகழ்ச்சியே அல்ல. ஆண்டுத் தொடக்கத்திலேயே எத்தனை தடவை நடக்கும் என்று எழுதிவைத்துவிடலாம். செல்வராஜின் இரட்டை ஷிப்ட், வராமல்போன அந்த ஆளின் குற்றமாகவே எப்போதும் பேசப்படும். அவர் ஒருவேளை அனுமதி பெற்ற விடுப்பில்கூட இருந்திருக்கலாம்.

ஏழு நாளும் ஓடும் தொழிற்சாலையில் நிலைமை இன்னும் வெளிப்படை. வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்று பேர் என்றால் ஆளுக்கு 56. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாரமும் 8 மணி நேரம் ஓ.டி. பார்த்தே ஆக வேண்டும். வார விடுமுறையும் போய்விடும். 13 வாரம் கொண்ட ஒரு காலாண்டில் அது 104 மணி நேரம். பழைய சட்டத்தில் விதிவிலக்கு வாங்கினால்கூட ஒரு காலாண்டுக்கு உச்ச வரம்பு 75 மணி நேரம்தான். புதிய தொகுப்பு இந்த உச்ச வரம்பை அரசு விதிகளுக்கு விட்டுவிட்டது. 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை வருகிறது. விடுப்பையும் சேர்த்தால் நான்குக்குக் குறைவாக வைக்க வழியே இல்லை. மருத்துவமனை வார்டில் ஒரு செவிலியர் இடத்துக்கும் இதே வகுத்தல்தான். அங்கே சட்டங்கள் வேறுபடலாம், வாரத்தின் மணிகள் வேறுபடாது.

நான்கு குழு வைத்தால் ஏற்பாடு எவ்வளவு இளகிவிடுகிறது என்று பாருங்கள். இரண்டு நாள் பகல், இரண்டு நாள் அரைநைட், இரண்டு நாள் முழுநைட், இரண்டு நாள் ஓய்வு. எட்டு நாளில் ஒரு சுற்று. எட்டு நாளில் 48 மணி நேரம், அதாவது வாரத்துக்குச் சராசரி 42. எந்த ஏழு நாளை எடுத்தாலும் ஆறு ஷிப்டுக்கு மேல் வராது, ஆகவே 48-ஐத் தாண்டாது. தொடர்ந்து ஆறு இரவு கிடையாது, இரண்டே இரவு. இரண்டாவது இரவு முடிந்து வெளியே வரும் காலை 6 மணியிலிருந்து அடுத்த பகல் ஷிப்ட் வரை 48 மணி நேரம் ஓய்வு. இதற்கும் ஒரு விலை உண்டு: ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் கிடைக்காது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல; தொழிலாளர்களே இந்த முறையை வேண்டாம் என்று சொல்வதும் உண்டு. ஓ.டி. வருமானம் நின்றுவிடும் என்ற தயக்கமும் அதோடு சேரும். மாதக் கடன் தவணையை ஓ.டி.யை நம்பிக் கட்டுகிறவரிடம் ஓய்வைப் பற்றிப் பேசி என்ன பயன்? அடிப்படைக் கூலி குறைவாக இருக்கும்வரை இந்தத் தயக்கம் போகாது.

ஓய்வைப் பற்றிச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் நடுவே இத்தனை மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு என்பது விதி. நம் ஊரில் வாரத்தின் நடுவே அரைநைட் ஆளை மறுநாள் பகல் ஷிப்டுக்கு மாற்றினால் இரவு 10 முதல் காலை 6 வரை எட்டே மணி நேரம். ஆலைப் பேருந்தில் போய்வரும் நேரம் போக ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைத்தால் பெரிது. நாள் வரம்பு மீறப்படவில்லை, வார வரம்பு மீறப்படவில்லை, காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். இதைத் தடுக்கிற இடம் இப்போதைக்குச் சங்கத்தோடு போடும் ஒப்பந்தம்தான். 'ஷிப்ட் மாற்றம் வார விடுமுறைக்குப் பிறகு மட்டுமே' என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் போதும்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் 65ஏ பிரிவுத் திருத்தம் நிறைவேறியபோது ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசியது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்து, மே நாளில் திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். அதே காலத்தில் எத்தனையோ ஆலைகளில் ஆள் பற்றாமல் 16 மணி நேரம் நடந்துகொண்டிருந்தது; அதற்குத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க நினைத்தால், வேலை நேர அறிவிப்பிலிருந்து தொடங்குங்கள். எந்தக் குழு எந்த நாளில் எந்த நேரம் வேலை செய்யும் என்று முன்கூட்டியே அறிவிப்பாக வைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை; பழைய சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் இது இருக்கிறது. அந்த அறிவிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் தினமும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். நள்ளிரவைத் தாண்டிய வேலையைத் தொடங்கிய நாளின் வரியிலேயே எழுதுங்கள், புதுவரி போடாதீர்கள். மாத முடிவில் சம்பளச் சீட்டில் ஓ.டி. மணி நேரம் எத்தனை, எந்தத் தொகையின் மேல் இரட்டித்திருக்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள். ஓ.டி. பணம் 'ஊக்கத்தொகை' என்ற பெயரிலோ, சீட்டில் வராமல் வவுச்சரில் தனியாகவோ வந்தால், அது பெரும்பாலும் ஒற்றைக் கூலியாகத்தான் இருக்கும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கோடு சேர்த்து விசாரிக்க வேண்டிய விஷயம் அது.

குறை இருந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால் பணி நேர மீறலைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகாராகக் கொடுக்கலாம். கூலி பாக்கியைக் கேட்டு மனுச் செய்ய ஊதியச் சட்டத் தொகுப்பு மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் அது ஓராண்டாக இருந்தது. செல்வராஜுக்குப் போன செவ்வாய்க்கிழமையின் 700 ரூபாய் மட்டுமல்ல, நோட்டில் எழுதி வைத்திருந்தால் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைகளின் பாக்கியும் இந்த மனுவில் வரலாம்.